கறை எங்கே இருக்கிறது?
பல் வெண்மையாக்கல் பற்றிப் பதுளையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற இளம் பிள்ளைகள் இப்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டொக்டர், பல்லை வெள்ளையாக்க எது நல்லது? ஒட்டுகிற ஸ்ட்ரிப்பா, ட்ரேயா, கிளினிக்கில் வந்து செய்வதா?" பெரும்பாலும் கல்யாணத் திகதி குறித்த பிறகுதான் கேட்பார்கள். சிலர் வெளிநாட்டில் இருக்கிற அண்ணனோ அக்காவோ அனுப்பிய பெட்டியையும் கையோடு கொண்டுவருவார்கள். இந்த மூன்றையும் இன்று ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். ஆனால், எது நல்லது என்று கேட்பதற்கு முன், உங்கள் பல்லில் கறை எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் வாங்கிய பெட்டியால்தான் காசும் போகிறது, பல்லும் கூசுகிறது.

பல்லின் நிறம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று வெளியே படிந்த கறை. வெற்றிலைக் காவியும் தேயிலைச் சாயமும் அந்த வகை. மற்றது பல்லுக்கு உள்ளே இருக்கிற நிறம். பல்லின் மேலே மிளிரி இருக்கிறது. எனாமல் என்று நாம் சொல்வது அதைத்தான். அது கண்ணாடி போல ஓரளவு ஒளியை உள்ளே விடும். அதற்குக் கீழே இருக்கிற டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயது ஏற ஏற மிளிரி மெலிகிறது, டென்டின் தடிக்கிறது, பல் மஞ்சளாகத் தெரிகிறது. ஸ்ட்ரிப், ட்ரே, கிளினிக் மூன்றிலும் வேலை செய்வது ஒரே மருந்துதான்: ஐதரசன் பெரொட்சைட்டு. அது மிளிரியை ஊடுருவிப் போய், உள்ளே நிறம் தருகிற பெரிய மூலக்கூறுகளை உடைத்துவிடுகிறது. பெரொட்சைட்டு செய்யும் வேலை இவ்வளவுதான். பல்லின் மேல் கல்லாக இறுகிப்போன காவியை அது பெயர்த்து எடுக்காது.

நம் தோட்டங்களில் முதல் பிரச்சினையே இதுதான். காலைப் பெரட்டுக்குப் போகுமுன் பிளேன்டீ, மலையில் வெற்றிலை, பத்து மணிக்கு மறுபடி பிளேன்டீ. பால் சேர்த்த தேநீரில் பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் சாயத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பல்லில் கறை குறைவாகவே படியும். வெறும் சாயத்தில் அந்தத் தடுப்பு இல்லை. வெற்றிலையோடு போடுகிற சுண்ணாம்பு எச்சிலைக் காரத்தன்மைக்குத் தள்ளுகிறது. எச்சிலில் உள்ள கல்சியம் பல்லின் கழுத்தில் கல்லாகப் படிகிறது. பாக்கின் சாயம் அந்தக் கல்லுக்குள்ளேயே ஊறிவிடுகிறது. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக ஒரு தடிப்பு தட்டுப்பட்டால் அதுதான் கல். அதன் மேல் எத்தனை ஸ்ட்ரிப் ஒட்டினாலும் மருந்து பல்லைத் தொடாது. வெற்றிலை போடுகிறவர்களுக்குப் பாதிக்கு மேற்பட்ட வெண்மை, கல் எடுத்துப் பொலிஷ் பண்ணிய அன்றே கிடைத்துவிடும். அதன் பிறகு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுவே போதும் டொக்டர்" என்று போனவர்கள் நிறையப் பேர்.

கல் எடுத்த பிறகு கூச்சம் வரும். "கிளீன் பண்ணினதால பல் தேஞ்சு போச்சு, இடைவெளி விழுந்து போச்சு" என்று பெரியவர்கள் கோபிப்பார்கள். பல் தேயவில்லை. கல் இருந்த இடத்தில் முரசு ஏற்கெனவே கீழிறங்கியிருந்தது. கல் அதை மூடிக்கொண்டிருந்தது. மூடி போனதும் வேர் வெளியே தெரிகிறது. மிளிரி பல்லின் தலைப்பகுதியை மட்டும்தான் மூடுகிறது, வேரை மூடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த முரசு இறக்கத்தைப் பற்றி உலகத்தில் பல் வைத்தியம் படிக்கிற எல்லோரும் படிக்கிற ஓர் ஆய்வு இருக்கிறது. அது நம் மலையகத்துத் தேயிலைத் தொழிலாளரின் வாயைப் பார்த்து எழுதப்பட்டது. ஊவாவில் அல்ல, பக்கத்து நுவரெலியா மாவட்டத்தில் டன்சினன், ஹரோ என்ற இரண்டு தோட்டங்களில். 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வேப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அங்கே 480 ஆண் தொழிலாளரின் பற்களைப் பரிசோதித்தார்கள். திரும்பத் திரும்ப வந்து 1985 வரை அதே ஆட்களைப் பார்த்தார்கள். அந்த ஆண்கள் பிரஷ் பிடித்துப் பல் துலக்கிப் பழகாதவர்கள். பற்சொத்தை ஏறக்குறைய இல்லாதவர்கள். ஒஸ்லோ நகரத்தில் படித்தவர்களின் பற்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நம்மவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 100 பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு முரசு நோய் வேகமாக முற்றியது, 81 பேருக்கு மிதமாக முற்றியது, 11 பேருக்கு முற்றவே இல்லை என்று 1986இல் எழுதினார்கள். முரசு இறக்கத்தை மட்டும் எடுத்து 1992இல் தனியாக வெளியிட்டார்கள். அதன்படி 20 வயதாகுமுன்பே 100 பேரில் 30 பேருக்கு மேல் எங்காவது ஒரு பல்லில் வேர் தெரியத் தொடங்கியிருந்தது. 30 வயதில் அது 90 ஆனது.

கொழுந்து பறிக்கும் பெண்களை அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம். இன்றைய பிள்ளைகள் பிரஷ் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் முரசு இறங்கிய வாய் நம் லயங்களில் விதிவிலக்கு அல்ல, வழக்கம். வெண்மையாக்கும் பொருளின் பெட்டியில் அச்சிட்டிருக்கிற அறிவுரை, வேர் மூடிய, நேராக அமைந்த, இருபது வயதுப் பல்லை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் வாய்க்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

ஏன் கூசுகிறது என்று பார்ப்போம். டென்டினுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம் நிற்கிறது. உள் முனையில் பற்கூழ், அதாவது நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள இடம். பண்டாரவளைக் குளிரில் விடியற்காலை பீலித் தண்ணீரால் வாய் கொப்பளித்தால், திறந்த குழாய்களில் திரவம் சட்டென்று நகரும். நரம்பு அதை வலியாக உணரும். இது வேர் திறந்தவர்களுக்கு எப்போதும் உள்ள கூச்சம். பெரொட்சைட்டு இதற்கு மேல் இன்னொன்றையும் செய்கிறது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் சில நிமிடங்களிலேயே மிளிரியையும் டென்டினையும் கடந்து பற்கூழை எட்டிவிடுகிறது. அங்கே ஒரு தற்காலிக அழற்சியை உண்டாக்குகிறது. அதனால்தான் முரசு நன்றாக இருக்கிறவர்களுக்கும் இரண்டாம் மூன்றாம் நாளில் சுரீர் சுரீர் என்று மின்னல் போல் வந்து போகும். மருந்தை நிறுத்தினால் சில நாட்களில் அடங்கிவிடும். எவ்வளவு செறிவான மருந்து, எவ்வளவு நேரம் வைத்தோம், வேர் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் வலியின் அளவைத் தீர்மானிக்கின்றன.

மிளிரி தேய்வது இதிலிருந்து வேறான விஷயம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பயம் தவறான இடத்தில் வருகிறது. சரியான அமிலநிலை உள்ள பெரொட்சைட்டு ஜெல், சொன்ன அளவுக்குப் போட்டால் மிளிரியின் கனத்தைக் குறைப்பதில்லை. மேற்பரப்பு சற்று மென்மையாகலாம். எச்சிலும் புளோரைட்டுப் பற்பசையும் அதைச் சில நாட்களில் திருத்திவிடும். மிளிரியை உண்மையில் தின்பவை அமிலமும் உராய்வும். மிளிரி கரையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 5.5 என்ற அமிலநிலை. தேசிக்காய்ச் சாறு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கிறது. தேசிக்காயும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் பல் வெள்ளையாகும் என்று இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமிலம் மேற்பரப்பை இளக்குகிறது, உப்பு அதைச் சுரண்டி எடுக்கிறது. முதல் வாரம் பளிச்சென்றுதான் இருக்கும்.

அடுப்புக்கரியும் செங்கல் தூளும் அமிலம் இல்லாமலே அதே வேலையைச் செய்கின்றன. இப்போது கரிப் பற்பசை என்று அழகான குழாயில் அடைத்து வருவதும் கறையை உரசி எடுக்கிறதே தவிர உள்நிறத்தை மாற்றுவதில்லை. மேல் முன்பல்லின் நடுவில் மிளிரி 1 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். முரசை நோக்கிப் போகப் போக மெலிந்து கழுத்தில் ஒன்றுமில்லாமல் முடிகிறது. பல் முளைத்து வெளியே வந்துவிட்டால் மிளிரியைச் செய்த கலங்கள் உடலில் இல்லை. தேய்ந்தது திரும்ப வளராது. தேயத் தேய உள்ளே இருக்கிற மஞ்சள் டென்டின்தான் மேலும் தெரியும். பல் மஞ்சளாகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். இந்தச் சுழலில் மாட்டியவர்களை என் நாற்காலியில் நிறையப் பார்த்திருக்கிறேன். தேய்மானத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி போதும். முன்பல்லின் விளிம்பு நீலமாய்க் கண்ணாடி போல் ஒளி ஊடுருவித் தெரிகிறதா, கழுத்தில் அரிவாள் வெட்டிய மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறதா, பல்லின் பளபளப்புப் போய் மங்கலாகியிருக்கிறதா, பின் பற்கள் பாக்குக் கடித்துக் கடித்துத் தட்டையாகிவிட்டனவா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் வெண்மையாக்கலை எடுத்த எடுப்பில் தொடங்கக் கூடாது.

இனி மூன்று முறைகளுக்கு வருகிறேன்.

ஸ்ட்ரிப் என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டி. ஒரு பக்கத்தில் பெரொட்சைட்டு ஜெல் பூசியிருக்கும். அமெரிக்காவில் 2001இல் கடைகளுக்கு வந்தது. அங்கே விற்கிற வழக்கமான பட்டிகளில் 6 முதல் 10 வீதம் வரை ஐதரசன் பெரொட்சைட்டு இருக்கும். அதற்கு மேலும் உண்டு. பெரும்பாலும் ஒருதடவைக்கு 30 நிமிடம், இரண்டு மூன்று வாரம். நேரான பற்களும் இறங்காத முரசும் உள்ளவர்களுக்கு இது வேலை செய்யும் என்பதை நான் மறுக்க மாட்டேன். சிக்கல் அதன் வடிவத்தில் இருக்கிறது. பட்டி தட்டையானது. ஒரு பல்லின் மேல் மற்றொன்று ஏறி நிற்கிற வாயில் அது பள்ளங்களைத் தொடாது. மேட்டுப் பகுதி வெளுத்து இடுக்கு மஞ்சளாகவே நிற்கும். எல்லா வாய்க்கும் ஒரே அளவு என்பதால் சிலருக்குப் பட்டியின் விளிம்பு முரசின் மேல் ஏறிவிடும். முரசு இறங்கியிருந்தால் திறந்த வேரின் மேல் மருந்து நேராகப் படுகிறது. வேர் அந்த மருந்துக்கு அவ்வளவாக வெளுப்பதும் இல்லை. கூசுவது மட்டும் மிச்சம்.

வெளிநாட்டுப் பெட்டிகளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பெரொட்சைட்டு வெப்பத்தில் சிதைந்துவிடும். கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ கார்கோவில் வாரக்கணக்கில் கிடந்து வந்த பட்டியின் மருந்து வலுவிழந்திருக்கலாம். ஆபத்தில்லை, பலன்தான் குறையும். இலண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வருகிற பெட்டி வேறு விதம். 2012 ஒக்டோபரிலிருந்து ஐரோப்பிய விதிப்படி 0.1 வீதத்துக்கு மேல் ஐதரசன் பெரொட்சைட்டு உள்ள பொருளைக் கடையில் நேரடியாக விற்க முடியாது. 6 வீதம் வரை பல் வைத்தியர் மூலம்தான், அதுவும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அதனால் சில தயாரிப்பாளர்கள் பெரொட்சைட்டை விட்டுவிட்டு குளோரின் டைஒட்சைட்டை உண்டாக்கும் கலவையைப் பாவித்தார்கள். அந்தக் கலவைக்கு அமிலம் வேண்டும், பெரும்பாலும் சித்திரிக் அமிலம். தேசிக்காயில் இருப்பதும் அதுதான். "பெரொட்சைட்டு இல்லை" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். சேர்மானப் பட்டியலில் சித்திரிக் அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள். மிளிரிக்காக உண்மையில் அஞ்ச வேண்டியது அந்தப் பட்டிக்குத்தான்.

ட்ரேயின் வரலாறு எனக்குப் பிடித்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் ஒரு பல் சீரமைப்பு வைத்தியர், புண்பட்ட முரசு ஆறுவதற்காக 10 வீதக் காபமைட் பெரொட்சைட்டு மருந்தைப் பல்லில் மாட்டும் அச்சுக்குள் விட்டு இரவில் அணியச் சொன்னார். முரசு ஆறியது, பல்லும் வெளுத்திருந்தது. இருபது ஆண்டு கழித்து, 1989இல், வட கரோலினாவில் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். அதிலிருந்துதான் உலகம் முழுவதும் பரவியது. முரசுக்கு மருந்தாக வந்த பொருள் என்பதை இங்கே கவனியுங்கள். 10 வீதக் காபமைட் பெரொட்சைட்டு உடைந்தால் கிடைப்பது 3.5 வீத ஐதரசன் பெரொட்சைட்டுதான், மீதி யூரியா. மருந்தும் ஒரேயடியாக வெளிப்படுவதில்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் ஏறத்தாழப் பாதி அப்படியே இருக்கும். மெதுவாக, குறைந்த செறிவில், நீண்ட நேரம். கூச்சம் குறைவதற்கு இந்த மெதுவான வெளியீடுதான் முக்கிய காரணம்.

ஆனால் ட்ரே என்றால் உங்கள் பல்லை அச்செடுத்துச் செய்த ட்ரே. வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கிற கடைச்சரக்கைச் சொல்லவில்லை. அது தடிப்பாக, தளர்வாக இருக்கும். ஜெல் வழிந்து முரசிலும் தொண்டையிலும் போகும். ஜெல்லும் தேவைக்கு மூன்று மடங்கு செலவாகும்.

கிளினிக்கில் செய்கிற முறையில் 35 வீதம், சில நேரம் 40 வீதம் ஐதரசன் பெரொட்சைட்டு. முரசில் பட்டால் அந்த இடம் உடனே வெளுத்து எரியும்; ஆகவே முரசின் ஓரம் முழுவதும் ஒரு பசையைப் பூசி நீல ஒளியால் இறுக வைத்து மறைத்த பிறகுதான் ஜெல் வைப்பார்கள். வழக்கமாக ஒவ்வொரு சுற்றும் கால் மணி நேரம் அளவில், இரண்டு மூன்று சுற்று. எழுந்திருக்கும்போது பல் ஆச்சரியப்படும்படி வெள்ளையாக இருக்கும். அதில் ஒரு பங்கு உண்மையான வெண்மை. மறு பங்கு பல் காய்ந்துபோனதால் வந்த தோற்றம். வாயைத் திறந்தபடி ஒரு மணி நேரம் வைத்திருந்ததால் மிளிரி ஈரத்தை இழந்து சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. ஓரிரு நாளில் ஈரம் திரும்பும்போது அந்தப் பங்கு போய்விடும். அன்று மாலையும் மறுநாளும் கூச்சம் இந்த முறையில்தான் அதிகம். பெரிய விளக்கை வாய்க்கு நேரே பிடித்து விளம்பரம் செய்கிறார்களே, அந்த ஒளியால் நீடித்த பலன் கூடுவதாகத் தெரியவில்லை. சூடு கூடினால் பற்கூழுக்குத்தான் சிரமம். சில வாரம் கழித்து அளந்தால் ட்ரேயில் வந்த நிறமும் இதில் வந்த நிறமும் ஏறத்தாழ ஒன்றுதான். வேகத்துக்குத்தான் இங்கே காசு. ட்ரே அணிந்தால் குமட்டுகிறவர்களுக்கும், இரு வாரத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். திறந்த வேரை மூடி மறைத்து மருந்து வைக்க வைத்தியரின் கையால் முடியும் என்பதும் இதன் நன்மை.

சலூனில் இதே செறிவை வைத்து, முரசை மறைக்காமல் செய்தால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அங்கே போகாதீர்கள்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இப்படி வருகிறவர்கள் பலர் என்பதால் அவர்களைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். பசறை வீதித் தோட்டத்துப் பிள்ளை, வயது 26, கொழும்பில் வேலை. தை மாதம் கல்யாணம். ஐப்பசி கடைசியில் வருகிறாள். அண்ணன் அனுப்பிய ஸ்ட்ரிப்பை மூன்று நாள் போட்டாள், நான்காம் நாள் தண்ணீர் குடிக்க முடியவில்லை, நிறுத்திவிட்டாள். வாயைப் பார்க்கிறேன். கீழ் முன்பற்கள் நெருங்கி ஏறியிருக்கின்றன, உட்பக்கம் கல். மேல் கோரைப் பற்கள் இரண்டிலும் கழுத்தில் பள்ளம். கடினமான பிரஷ், குறுக்கே அழுத்தித் தேய்த்த பழக்கம். சிறு வயதில் விழுந்து உடைந்த முன்பல் ஒன்றின் மூலையில் பல்நிற அடைப்பு. பின்பல் ஒன்றில் சொத்தை.

முதல் வருகையில் வெண்மையாக்கல் பேச்சே இல்லை. கல் எடுத்தேன், சொத்தையை அடைத்தேன், கோரைப் பற்களின் பள்ளத்தைக் கிளாஸ் அயனோமரால் மூடினேன். மென்மையான பிரஷ்ஷும் 5 வீதப் பொட்டாசியம் நைத்திரேற்று உள்ள பற்பசையும் இரண்டு வாரத்துக்கு. பொட்டாசியம் பற்கூழின் நரம்பு முனையைச் சற்று மந்தமாக்குகிறது. அது ஒரே நாளில் நடக்காது, இரண்டு வாரம் வேண்டும். ஆகவேதான் முன்கூட்டியே தொடங்குகிறோம்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். கூச்சம் வெகுவாகக் குறைந்திருந்தது. நிற அட்டையைப் பல்லோடு வைத்துப் பார்த்தால் A3.5, வெண்மையில் நடுத்தரத்துக்குக் கீழே. அச்செடுத்து, மாதிரி ஊற்றி, 1 மில்லிமீற்றர் அளவுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி மாதிரியின் மேல் உறிஞ்சவைத்து ட்ரே செய்தோம். முரசின் வளைவை ஒட்டி, அதன் மேல் ஏறாமல் வெட்டினோம். மேல் தாடைக்கு மட்டும் முதலில் கொடுத்தேன். கீழ்ப் பல் பழைய நிறத்தில் நின்றால்தான் மேலே எவ்வளவு மாறியது என்று அவளுக்கே தெரியும். மாற்றம் மெதுவாக வருவதால் தினமும் பார்க்கிறவர்கள் ஒன்றும் ஆகவில்லை என்று மருந்தைக் கூட்டிவிடுவார்கள்.

ஒவ்வொரு பல்லின் முன்பக்கத்துக்கும் ஒரு பொட்டு ஜெல் போதும். மாட்டியதும் வழிந்ததை விரலால் துடைத்துவிட வேண்டும். இரவு பல் துலக்கிய பிறகு, முதல் வாரம் இரண்டு மணி நேரம். மூன்றாம் நாள் சுரீரென்றது என்று தொலைபேசியில் சொன்னாள். மருந்தை ஒரு நாள் விட்டு, அதே ட்ரேயில் அந்தப் பொட்டாசியம் பற்பசையைத் தடவி 15 நிமிடம் மாட்டச் சொன்னேன். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். அவ்வளவில் அடங்கியது. பல பற்களில் மாறி மாறி வந்து சில நொடியில் போகிற கூச்சம் மருந்தால் வருவது. ஒரே பல்லில், சூட்டுக்கு, நிமிடக் கணக்கில் நின்று வலித்தால் அது வேறு. மருந்தை நிறுத்திவிட்டு வர வேண்டும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலியும் அப்படித்தான்.

மூன்று வாரத்தில் மேல் தாடை A1க்கு வந்தது. பிறகு கீழ் தாடை. கோரைப் பல்லின் கழுத்து மட்டும் ஒரு நிழல் மஞ்சளாக நின்றது. அங்கே மிளிரி மெலிவு, நான் முன்பே சொல்லியிருந்தேன். முன்பல்லின் பழைய அடைப்பு இப்போது பளிச்சென்று வேறாகத் தெரிந்தது. அடைப்பும் செயற்கைப் பல்லும் இந்த மருந்துக்கு வெளுக்காது. அதை உடனே மாற்றவில்லை. மருந்து நிறுத்தி இரண்டு வாரம் விட வேண்டும்: பல்லுக்குள் தங்கிய ஒட்சிசன் புதிய அடைப்பு ஒட்டுவதைப் பலவீனமாக்கும், நிறமும் அந்த இரண்டு வாரத்தில் சற்றுக் கீழிறங்கி நிலைக்கும். மார்கழி கடைசியில் புதிய அடைப்பு வைத்தோம். ஐப்பசியில் தொடங்கியதால்தான் தைக்கு முடிந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வருகிறவர்களுக்கு நான் கல் எடுத்து அனுப்புகிறேன், அவ்வளவுதான்.

மொனராகலைப் பக்கம், வெல்லவாயா, புத்தல பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அங்கே கிணற்று நீரில் புளோரைட்டு அதிகம். சிறு வயதில் குடித்த நீரால் மிளிரிக்குள்ளேயே வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் உருவாகியிருக்கும். பழுப்பு ஓரளவு மங்கும். வெண்புள்ளி போகாது, சுற்றியுள்ள பல் வெளுக்கும் முதல் வாரத்தில் இன்னும் எடுப்பாகவே தெரியும். அவர்களுக்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன, ஸ்ட்ரிப் வாங்காதீர்கள்.

கடைசியாக, வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்களுக்கு. வெண்மையாக்கலுக்கு வருகிறபோது முதலில் நான் பல்லைப் பார்ப்பதில்லை. கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கிறேன். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால் பெரொட்சைட்டு வைக்க மாட்டேன். கறி உறைப்பு முன்னைவிடத் தாங்க முடியாமல் எரிகிறதா? உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி, முன்பற்களுக்கு நடுவில் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். நுழையவில்லையானால் கன்னத்தின் உட்படலம் இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்கு போடுகிறவர்களுக்கு வருகிற நோய் அது, புற்றுநோயாக மாறக்கூடியது. வெற்றிலை பாக்கு புகையிலை சேராமலும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தி இருபது ஆண்டுக்கு மேலாகிறது. இந்த அறிகுறி உள்ளவர்கள் பதுளை போதனா வைத்தியசாலையில் காட்ட வேண்டும், இந்த வாரமே. தோட்டத்து டொக்டரிடம் சொன்னால் கடிதம் தருவார்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் மூன்று விரல் நுழையாதவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் வாருங்கள். விளக்கும் கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன். பின்னாலுள்ள அறையில் ஒவ்வொருவராகப் பார்க்கிறேன்.